39 நாள், ஒரு தப்பு நோட்டு

2025 மார்ச் 25-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வுகள் முடிந்தன. மே 4 நீட். நடுவில் 39 நாட்கள். சித்தி மகன் மறுநாள் காலையே பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அப்போது ஹவுஸ் சர்ஜன் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். "அக்கா, ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடு" என்றான். முதல் நாள் தூங்கச் சொன்னேன். இரண்டாம் நாள் மதியம் சரியாக 2 மணிக்கு ஒரு முழு மாதிரித் தேர்வை முன்னால் வைத்தேன். "ரிவிஷனே பண்ணலையே, அதுக்குள்ள டெஸ்ட்டா?" என்று முகத்தைச் சுளித்தான்.

நான் நீட் தேர்வை இரண்டு முறை எழுதியவள். முதல் முறை எனக்கும் டைம்டேபிள் இருந்தது. காலை உயிரியல், மதியம் வேதியியல், இரவு இயற்பியல் என்று சுவரில் அழகாக ஒட்டியிருந்தேன். என்.சி.இ.ஆர்.டி உயிரியல் புத்தகத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை முடிந்தபோது புத்தகத்தில் மஞ்சள் மார்க்கர் படாத வரி இல்லை. எல்லா வரியும் முக்கியம் என்றால் எதுவுமே முக்கியமில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. படித்த பக்கம் பழகின முகம்போலத் தெரியும். ஆனால் கேள்வித்தாளில் நான்கு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு முகங்கள் ஒன்றுபோல இருக்கும். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அதனால்தான் தம்பிக்கு முதலில் தேர்வு, பிறகுதான் திட்டம்.

180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியல் 90, வேதியியல் 45, இயற்பியல் 45. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். 2021 முதல் 2024 வரை இருந்த விருப்பக் கேள்விகள் இப்போது இல்லை, எல்லாம் கட்டாயம். அவன் வாங்கியது 351. உயிரியலில் 64 சரி, 22 தவறு, ஆக 234. வேதியியலில் 24 சரி, 14 தவறு, ஆக 82. இயற்பியலில் 13 சரி, 17 தவறு, ஆக 35.

அவன் 351-ஐப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போன 369-ஐப் பார்த்தேன். விட்டுவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் 4 போகிறது. தவறாக எழுதிய ஒவ்வொன்றுக்கும் கிடைக்க வேண்டிய 4-ம் போய், இருந்ததில் 1-ம் போய், 5 போகிறது. அவன் விட்டது 26 கேள்விகள், அதில் 104 போயிற்று. தவறாக எழுதியது 53, அதில் 265. அதாவது அவனுடைய நஷ்டத்தில் பெரும்பங்கு தொடாத பாடங்களில் இல்லை. கை வைத்து, தெரியும் என்று நினைத்து, வட்டத்தைக் கறுப்பாக்கிய கேள்விகளில் இருந்தது.

மறுநாள் காலை நான்கு மணி நேரம் அந்த 53 தவறுகளை மட்டும் பிரித்தோம். ஒரு நோட்டில் மூன்று பகுதி. சுத்தமாகத் தெரியாதது முதல் பகுதியில். தெரியும், ஆனால் இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பியது இரண்டாவதில். "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று வாசித்தது, கூட்டலில் சறுக்கியது, சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தது எல்லாம் மூன்றாவதில். அவன் அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர் வைத்தான். பிறகு வந்த 37 நாட்களில் எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்று அந்த நோட்டுதான் சொன்னது. நான்கு நாட்களுக்கு ஒரு சுற்று: முதல் நாள் காலை முந்தைய தேர்வைப் பிரிப்பது, பிறகு மூன்று பாடங்களும் படிப்பது, நான்காம் நாள் 2 முதல் 5 வரை அடுத்த முழுத் தேர்வு.

உயிரியலின் 22 தவறுகளில் 14 குழப்ப வகை. இது எனக்கு ஆச்சரியமில்லை. அவனிடம் தகவல் இருந்தது, தகவல்களுக்கு நடுவில் சுவர் இல்லை. ஒரு கேள்வி: சினாப்டோனீமல் தொகுப்பு கரைவது குன்றல் பிரிவின் எந்த நிலையில்? பாக்கிட்டீன் என்று எழுதியிருந்தான். விடை டிப்ளோட்டீன். கேட்டால் லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று வரிசையை ஒப்பிப்பான். குறுக்கேற்றமும் தெரியும், கயாஸ்மாவும் தெரியும். குறுக்கேற்றம் நடப்பது பாக்கிட்டீனில், அது நடந்த இடம் கயாஸ்மாவாகக் கண்ணுக்குத் தெரிவது தொகுப்பு கரைந்த பிறகு டிப்ளோட்டீனில் என்ற பிரிவினைதான் இல்லை. இதற்கு அந்தப் பாடத்தை முழுக்கத் திரும்பப் படிப்பது வீண்வேலை. வெள்ளைத்தாளில் ஐந்து பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அந்த நிலைக்கு மட்டுமே உரிய நிகழ்வைப் புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலை. மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, இன்னொரு பத்து நாள் கழித்து ஒருமுறை. மூன்று தடவையும் தடங்காமல் வந்தால் அந்தப் பக்கத்தை நோட்டில் அடித்துவிடலாம்.

இன்னொன்று: சி4 தாவரங்களில் ரூபிஸ்கோ இல்லை என்ற கூற்றைச் சரி என்று குறித்திருந்தான். இலையிடைத் திசு செல்களில்தான் அது இல்லை. கற்றை உறை செல்களில் நிறைய உண்டு. பெப் கார்பாக்சிலேஸ் அப்படியே தலைகீழ். புத்தகத்தில் இதைச் சொல்லும் வரியை அவன் பலமுறை படித்திருக்கிறான். பாதி வரி நினைவில் நின்றது, மீதிப் பாதி உதிர்ந்துவிட்டது. கூற்றுக் கேள்விகள் இப்படி உதிர்ந்த பாதியைத்தான் பிடிக்கின்றன.

ஆகவே உயிரியலுக்கு ஒரே ஒரு முறையை வைத்துக்கொண்டோம். என்.சி.இ.ஆர்.டி-யில் இரண்டு பக்கம் படி, மூடு, நினைவில் இருப்பதைக் கிறுக்கு, திற, விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் சேர். படங்களும் இதில் சேர்த்தி. படத்தின் பெயர்களை மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பான். இது மெதுவான வேலை. முதல் வாரம் ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. "இப்படிப் போனா முடியாதுக்கா" என்று புலம்பினான். இரண்டாம் சுற்றில் அதே பாடம் 40 நிமிடத்தில் முடிந்தது, ஏனென்றால் வேறு நிறத்தில் இருந்ததை மட்டும் பார்த்தால் போதும். என் மஞ்சள் புத்தகத்துக்கும் அவன் கிறுக்கல் தாள்களுக்கும் அதுதான் வித்தியாசம். அவன் தாளில் இருந்தது அவனுக்கு வராதது மட்டும்.

வேதியியலை ஒரே பாடமாக நினைத்துப் படிப்பவர்கள்தான் அதிகம். அது மூன்று பாடம். ஆர்கானிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; ஒரு சேர்மத்தை நடுவில் எழுதி அதிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று அம்புக்குறி போடும் பழைய வழிதான். பென்சீன் டயசோனியம் குளோரைடை நடுவில் வைத்து ஒரு தாள், ஆல்டிஹைடை வைத்து ஒரு தாள். பார்க்காமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனார்கானிக்கில் அவனுடைய கோளாறு விதியை மட்டும் படித்து விலக்கைப் படிக்காதது. தொகுதியில் கீழே போகப்போக எலக்ட்ரான் ஏற்பு என்தால்பியின் எதிர்மதிப்பு குறையும் என்பது விதி. ஆனால் ஃபுளோரினைவிடக் குளோரினுக்குத்தான் அது அதிக எதிர்மதிப்பு. வரிசையில் வலப்பக்கம் போனால் அயனியாக்கும் என்தால்பி கூடும். ஆனால் ஆக்சிஜனைவிட நைட்ரஜனுக்கு அதிகம். கேள்வி எடுப்பவர் விதியைக் கேட்டு என்ன செய்யப்போகிறார்? விலக்கைத்தான் கேட்பார். நோட்டின் கடைசியில் இரண்டு பக்கம் விலக்குகளுக்கென்றே ஒதுக்கினோம், காரணத்தோடு. காரணம் ஒரு வரிக்கு மேல் போகக்கூடாது.

பிசிக்கல் கணக்குகளில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கேள்வி: 0.001 M பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலின் பி.ஹெச் என்ன? அவன் விடை 11. ஒரு மூலக்கூறிலிருந்து இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் வருவதை மறந்துவிட்டான். [OH⁻] = 0.002, pOH = 3 − 0.301, அதாவது ஏறத்தாழ 2.7. ஆகவே பி.ஹெச் 11.3. log 2-ன் மதிப்பு தெரிந்தால் கால்குலேட்டர் தேவையே இல்லை. ஆனால் கவனியுங்கள்: விடைகளில் 11 இருந்தது. அந்தத் தவறைச் செய்பவன் வந்து சேரும் இடத்தில் ஒரு விடையை உட்கார வைத்திருக்கிறார்கள். "என் விடை ஆப்ஷனில் இருக்கு, அப்போ சரிதான்" என்ற நிம்மதியைப் போல ஏமாற்றுவது வேறில்லை.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய கேள்வித்தாள்களை வைத்துப் பயிற்சி செய்யும்போது பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 தேர்வுக்காகப் பாடத்திட்டம் மாறியது. திண்மநிலை, புறப்பரப்பு வேதியியல், மனிதச் செரிமானம் போன்றவை போய்விட்டன. இயற்பியலில் வெர்னியர், திருகு அளவி போன்ற ஆய்வகத் திறன்கள் தனி அலகாக வந்திருக்கின்றன. தம்பி ஒரு முழுச் சாயங்காலத்தைப் படிக அலகுக்கூட்டில் செலவழித்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கினான்.

சரி, இயற்பியல். 180-க்கு 35. இங்கே ஆசைப்படக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். 37 நாளில் முழு இயற்பியலும் வராது. மின்னோட்டவியல், நிலைமின்னியல், கதிர் ஒளியியல், அணு மற்றும் அணுக்கருப் பகுதி, குறைக்கடத்தி, அலகுகளும் அளவீடும், வெப்ப இயக்கவியல் ஆகியவை முதல் பட்டியல். சுழற்சி இயக்கம் இரண்டாவது பட்டியல். நேரம் இருந்தால் தொடலாம். இப்படி ஒதுக்குவது சரியா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. முழு வருடம் கையில் இருந்தால் நானும் ஒதுக்க மாட்டேன்.

அவனுக்குச் சூத்திரங்கள் தெரியும். எந்தச் சூத்திரத்தில் தொடங்குவது என்பதுதான் தெரியாது. தீர்வைப் பார்த்தவுடன் "ஓ, ஆற்றல் அழிவின்மையா, இது எனக்குத் தெரியுமே" என்பான். தீர்வைப் பார்த்தபின் தெரிவது தேர்வில் எதற்கும் உதவாது. அதனால் ஒரு பயிற்சி வைத்தேன். தினமும் பழைய தாள்களிலிருந்து 30 கணக்கு, 30 நிமிடம், எதையும் முடிக்கக்கூடாது. கணக்கைப் படித்து, அதன் முதல் வரியை மட்டும் எழுத வேண்டும். எந்த விதி, எது மாறாமல் இருக்கிறது, எதைக் கேட்கிறார்கள். பிறகு தீர்வின் முதல் வரியோடு ஒப்பிட வேண்டும். முதல் நாள் 30-க்கு 11 ஒத்துப்போனது. இரண்டு வாரத்தில் 20-ஐத் தாண்டியது. முழுதாகப் போடும் கணக்குகள் தனியாக, ஒரு பாடத்துக்கு 20. நான்கு நிமிடத்துக்கு மேல் திணறினால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

"எது மாறாமல் இருக்கிறது" என்பதை ஏன் எழுதச் சொன்னேன் என்றால், அவன் தவறுகளில் ஒன்று இது: மின்தடை R கொண்ட கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் புதிய மின்தடை என்ன? அவன் 2R என்று எழுதினான். R = ρl/A, நீளம் இருமடங்கு, ஆகவே 2R. ஆனால் இழுக்கும்போது கம்பியின் கனஅளவு மாறுவதில்லை. நீளம் இருமடங்கானால் குறுக்குப் பரப்பு பாதியாகும். விடை 4R. "கனஅளவு மாறாது" என்ற இரண்டு சொல்லை முதல் வரியில் எழுதியிருந்தால் மாட்டியிருக்க மாட்டான். விடைகளில் 2R-ம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்துதான் ஊகித்து எழுதுவது பற்றிய எங்கள் வாக்குவாதம் தொடங்கியது. அவனுடைய கோச்சிங் நண்பன் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான்: நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம், ஆகவே ஒன்றையும் விடாதே என்று. கணக்கு சரிதான். ஐந்துக்கு ஒன்று சரியானாலே நஷ்டமில்லை. ஆனால் யாரும் உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதில்லை. பாதி தெரிந்த மனசு 2R பக்கம் சாயும்; அங்கேதான் பொறி இருக்கிறது. நான் சொல்லி அவன் கேட்கவில்லை. அதனால் அளந்து பார்த்துவிடலாம் என்றேன். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு ஊகித்தால் கேள்வி எண்ணில் வட்டம், ஒன்றும் புரியாமல் குறித்தால் பெருக்கல் குறி.

நான்கு தேர்வுகளின் குறிகளை எண்ணினோம். வட்டம் 41, அதில் 22 சரி. கிடைத்தது 69 மதிப்பெண். பெருக்கல் 37, அதில் 6 மட்டும் சரி. 24 வந்து 31 போய், 7 நஷ்டம். நஷ்டம் சின்னதுதான், ஆனால் அந்த 37 கேள்விகளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் போயிற்றே. அன்றோடு பெருக்கல் குறியை நிறுத்தினான். இது அவனுடைய கணக்கு. உங்கள் கை எப்படி என்று நீங்கள் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. தேர்வுகள் 351, 392, 428 என்று ஏறி, நான்காவது 409-க்கு இறங்கியது. இரவு சாப்பிடவில்லை, பேசவில்லை. மறுநாள் பிரித்துப் பார்த்தால் இயற்பியல் 58-லிருந்து 66-க்கும், வேதியியல் 88-லிருந்து 94-க்கும் ஏறியிருந்தன. விழுந்தது உயிரியல், 282-லிருந்து 249. அவனுக்கு நன்றாக வரும் பாடம்! ஒவ்வொரு பகுதியும் முடிந்த நேரத்தைத் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லியிருந்தேன், அதில் காரணம் இருந்தது. இயற்பியலில் புதிதாக வந்த தைரியத்தில் அதை முதலில் எடுத்திருக்கிறான். 78 நிமிடம் போய்விட்டது. உயிரியலுக்கு 40 நிமிடம்தான் மிஞ்சியது. 90 கேள்வி, அதில் பொருத்துக, கூற்று-காரணம் எல்லாம் உண்டு. ஒன்பதைப் படிக்கவே இல்லை, 15 தவறு.

அதன்பின் வரிசை மாறவில்லை: உயிரியல் 45 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65. மீதி 20 நிமிடம் விட்டுவந்த வட்டக் கேள்விகளுக்கு. எந்தக் கணக்கும் இரண்டு நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால் தாண்டிப் போக வேண்டும். ஓ.எம்.ஆர் தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் பழக்கத்தையும் விட்டான். பேனாவால் குறித்ததை மாற்ற முடியாது, ஒரு வரிசை தள்ளிப்போனால் அவ்வளவும் போச்சு. கேள்வித்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நிரப்பிவிடுவான்.

ஏப்ரல் 30-ஆம் தேதியோடு முழுத் தேர்வுகளை நிறுத்தினோம். கடைசி மூன்று நாளில் புதிய பாடம் எதையும் தொடவில்லை. தப்பு நோட்டில் அடிபடாமல் நின்ற பக்கங்கள் 11. அதை மட்டும் புரட்டினான். சுழற்சி இயக்கம் இரண்டாவது பட்டியலிலேயே தங்கிவிட்டது.

மே 4 அன்று இயற்பியல் கடினமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதால், ஜூனில் விடைக்குறிப்பு வந்தபோது இருவரும் உட்கார்ந்து குறிகளை எண்ணினோம். மொத்த மதிப்பெண் அவனுடையது, வேண்டுமானால் அவன் சொல்லட்டும். வட்டம் 13, அதில் 7 சரி. விட்டவை 14. பெருக்கல் குறி ஒன்றுகூட இல்லை. "ஒன்னே ஒன்னு போடலாம்னு கை போச்சுக்கா" என்று 15-ஆவதாக விட நினைத்த கேள்வியைக் காட்டினான். வட்டத்துக்குள் பாதி பெருக்கல் போட்டு அடித்திருந்தது. அது தவறான ஆறில் ஒன்று.